கோடும் வளைவும் சேரும் இடம்

கைபேசியில் எடுத்த ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இதில் 128 என்றால் பாதி வெளிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் 128 என்ற எண்ணுக்குத் திரை தரும் வெளிச்சம், முழு வெளிச்சத்தில் சுமார் 21.6 சதவீதம்தான். மனிதக் கண் இருட்டான பகுதிகளில் உள்ள சிறு வேறுபாடுகளை நன்றாகப் பிரித்தறியும். பளிச்சென்ற பகுதிகளில் அந்தக் கூர்மை குறைவு. அதனால் இருட்டுக்கு நிறைய எண்களும், பிரகாசத்துக்குக் குறைவான எண்களும் ஒதுக்கப்படுகின்றன.

இந்த எண்ணை வெளிச்சமாக மாற்றும் விதிக்கு sRGB என்று பெயர். கணினித் திரைகளின் அமைப்புப் பட்டியலில் பலரும் பார்த்திருக்கக்கூடிய பெயர்தான். ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த இந்த விதியை, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1999இல் தரநிலையாக வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் "சார்பு வகையிடத்தக்கதாக இருக்க a, b மதிப்புகளைக் காண்க" என்று ஒரு கணக்கு வருமே, அதே கணக்கு இந்த விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

விதி ஒரே சூத்திரமாக இல்லை, இரண்டு துண்டுகளாக இருக்கிறது. V என்பது படத்தில் உள்ள எண்ணை 255ஆல் வகுத்துக் கிடைப்பது. L என்பது திரை தர வேண்டிய வெளிச்சம். இரண்டும் 0க்கும் 1க்கும் இடையில் இருக்கும்.

```
L = V / p                         (V ≤ k)
L = ((V + 0.055) / 1.055)^2.4     (V > k)
```

மேலே ஒரு நேர்கோடு, கீழே ஒரு வளைவு. வளைவை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. V = 0 என்று போட்டுப் பார்த்தால் வளைவு 0.00083 என்று தருகிறது. கறுப்பு முழுக் கறுப்பாக வராது. 0.055 என்ற சேர்க்கையை எடுத்துவிட்டு வெறும் அடுக்காக வைத்தால் கறுப்பு கறுப்பாக வரும், ஆனால் வேறொரு தொல்லை முளைக்கும். அந்த வளைவு பூச்சியத்தில் தட்டையாகப் படுத்துவிடுகிறது, அதன் சாய்வு 0. திரையின் வேலையைத் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தை எண்ணாக்கும் கேமராவின் பக்கம் வந்தால் அந்தச் சாய்வு முடிவிலியாகிவிடும். இருட்டில் கேமரா உணரியில் இயல்பாகவே எழும் மிகச் சிறிய அலைக்கழிப்புகூடப் படத்தில் பெரிதாக ஊதித் தெரியும். அதனால்தான் அடியில் ஒரு சிறு நேர்கோட்டை ஒட்டவைத்தார்கள்.

எங்கே ஒட்டுவது, எந்தச் சாய்வில் ஒட்டுவது என்பதுதான் மிச்சம். 0.055, 2.4 என்ற இரண்டையும் வடிவமைப்பாளர்கள் தேர்ந்துகொண்டார்கள். k, p என்ற இரண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை.

அதற்கு முன் பாடப்புத்தக வடிவில் ஓர் எளிய கணக்கு. x ஆனது 1 அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது f(x) = x²; 1க்கு மேல் போனால் f(x) = ax + b. சேருமிடத்தில் சார்பு வகையிடத்தக்கதாக இருக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும். சாலையும் பாலமும் சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளலாம்: முதலில் இரண்டின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே படி விழும். மட்டம் சேர்ந்தாலும் ஏற்றத்தின் அளவு சட்டென்று மாறினால் வண்டி தூக்கிப்போடும். மட்டம் சேர்வது தொடர்ச்சி; ஏற்றமும் சேர்ந்தால் அது வகையிடத்தக்கது.

x = 1 என்று போட்டால் முதல் துண்டு 1, இரண்டாவது a + b. எனவே a + b = 1. சாய்வுகளைப் பார்த்தால் x²இன் வகைக்கெழு 2x, அதாவது 2. கோட்டின் சாய்வு a. எனவே a = 2, அதிலிருந்து b = −1. வேலை முடிந்தது.

மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். "வகையிடத்தக்கது" என்று கேள்வியில் பார்த்ததும் வகைக்கெழுக்களை மட்டும் சமப்படுத்தி a = 2 என்று எழுதிவிட்டு, b எதுவாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். b = 5 என்று வைத்துப் பார்த்தால் தவறு கண்ணுக்குத் தெரியும். 2x + 5இன் சாய்வும் 2தான், x²இன் சாய்வும் அங்கே 2தான். ஆனால் x = 1இல் சார்பின் மதிப்பு 1; அதைத் தாண்டிய உடனே மதிப்பு 7க்குப் பக்கத்தில் நிற்கிறது. வகைக்கெழுவின் வரையறைப்படி வலப்பக்கத்திலிருந்து கணக்கிட்டால் (6 + 2h)/h என்று வருகிறது. H சுருங்கச் சுருங்க அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. வகைக்கெழுவே கிடையாது. இரண்டு சூத்திரங்களின் சாய்வும் ஒத்துப்போவது வேறு, சார்புக்கு அந்தப் புள்ளியில் சாய்வு இருப்பது வேறு. ஆகவே முதலில் மதிப்பு, பிறகு சாய்வு என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டு, தெரியாத மாறிலிகளும் இரண்டு. அதனால்தான் ஒரே விடை கிடைத்தது. கோடு y = ax என்று மட்டும் இருந்திருந்தால் மதிப்பு சேர a = 1 ஆக வேண்டும், சாய்வு சேர a = 2 ஆக வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது, எனவே விடையே இல்லை.

இப்போது திரைக்குத் திரும்பலாம். V = k என்ற இடத்தில் மதிப்பும் சாய்வும் சேர வேண்டும்.

```
மதிப்பு:  k / p = ((k + 0.055) / 1.055)^2.4
சாய்வு:   1 / p = (2.4 / 1.055) × ((k + 0.055) / 1.055)^1.4
```

அடுக்குகளைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. முதல் சமன்பாட்டை இரண்டாவதால் வகுத்தால் p அடிபட்டுப் போகிறது, 1.4 அடுக்கும் அடிபட்டு, மிகச் சாதாரணமான ஒன்று மிஞ்சுகிறது:

```
k = (k + 0.055) / 2.4
```

அதாவது 1.4 k = 0.055. எனவே k = 0.0392857. இதை முதல் சமன்பாட்டில் வைத்தால் வளைவின் மதிப்பு 0.0030399 என்று வரும்; kஐ அதனால் வகுத்தால் p = 12.9232. இந்த இரண்டு எண்களோடு கோடு வளைவைத் தொட்டும் தொடாமல் உரசி, எந்த முறிவும் இல்லாமல் அதோடு கலந்துவிடுகிறது. இரண்டு கொடூரமான சமன்பாடுகள் ஒரே வகுத்தலில் இப்படி அடங்கிப்போவது அழகு என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கதை சிக்கலாகிறது. 1996 ஆவணத்தில் எண்களைச் சுருக்கி எழுதினார்கள்: p = 12.92, k = 0.03928. நாலாவது இலக்கத்துக்குக் கீழே இருப்பதை வெட்டியதால் என்ன குடிமுழுகிவிடும்?

pஐச் சற்றுக் குறைத்தால் கோடு சற்றுச் செங்குத்தாகிறது. முன்பு வளைவை ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டிருந்த கோடு, இப்போது அதை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு வளைவுக்கு மேலே இருக்கிறது. 0.03928 விழுவது சரியாக அந்த நடுப்பகுதியில். எனவே அங்கே கோட்டின் மதிப்பு 0.0030402, வளைவின் மதிப்பு 0.0030395. கோட்டிலிருந்து வளைவுக்குத் தாவும் நொடியில் எண் ஏறுகிறது, வெளிச்சம் ஒரு நூலிழை இறங்குகிறது. இடைவெளி பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. கண்ணால் யாரும் பார்க்க முடியாது. ஆனால் எண் ஏறினால் வெளிச்சமும் ஏற வேண்டும் என்ற அடிப்படை ஒழுங்கு அந்த இடத்தில் உடைந்துவிட்டது.

1999 தரநிலை இதைச் சரிசெய்தது. 12.92ஐ அப்படியே வைத்துக்கொண்டு, k மட்டும் 0.04045 ஆக நகர்ந்தது. அது கோடு வளைவை வெட்டும் இரண்டு புள்ளிகளில் மேலே உள்ளது. அங்கே இரண்டு சூத்திரங்களும் 0.0031308 என்று ஒரே மதிப்பைத் தருவதால் படி மறைந்தது. அதற்குக் கொடுத்த விலை சாய்வு. கேமராவின் பக்கத்திலிருந்து அளந்தால் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் சாய்வு 12.92, வலப்பக்கம் ஏறக்குறைய 12.70. உலகெங்கும் திரைகள் பின்பற்றும் இந்தச் சார்பு, கண்டிப்பாகப் பார்த்தால், சேருமிடத்தில் தொடர்ச்சியானது. ஆனால் வகையிடத்தக்கது அல்ல. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் தொடர்ச்சியைக் காப்பாற்றியது சரியான முடிவு. சாய்வில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான முறிவு படத்தைக் கெடுக்காது. தலைகீழாகப் போகும் ஒரு படி, எண்ணை வெளிச்சமாக்கி மறுபடி எண்ணாக்கும் மென்பொருளுக்குக் குழப்பம் தரக்கூடியது.

பழைய எண் அத்தனை சீக்கிரம் ஒழியவும் இல்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு நிற வேறுபாடு வேண்டும் என்று வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதன் சூத்திரத்தில் 0.03928 பல ஆண்டுகள் நீடித்து, 2021 மே மாதம்தான் 0.04045 ஆக மாற்றப்பட்டது. இந்த மாற்றத்தால் நடைமுறையில் எந்த விளைவும் இல்லை என்றும் அங்கேயே குறித்திருக்கிறார்கள். ஏன் இல்லை என்பதை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். 10ஐ 255ஆல் வகுத்தால் 0.0392, 11ஐ வகுத்தால் 0.0431. பழைய எல்லை, புதிய எல்லை இரண்டுமே இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. 256 படிநிலைகள் மட்டும் உள்ள படத்தில் எந்த எண்ணும் அந்த இடைவெளிக்குள் நுழைவதே இல்லை.

படிநிலைகள் கூடினால் நிலைமை மாறும். மிகைத்தெளிவுத் தொலைக்காட்சிக்கான 2012ஆம் ஆண்டின் Rec. 2020 பரிந்துரையிலும் இதே மாதிரி கோடும் வளைவும் உண்டு. அங்கே கோட்டின் சாய்வு 4.5, வளைவின் அடுக்கு 0.45 என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டன. சேருமிடம் β, வளைவின் பெருக்கெண் α ஆகிய இரண்டும் தேட வேண்டியவை. மதிப்பும் சாய்வும் சேர வேண்டும் என்ற அதே இரண்டு நிபந்தனைகளை எழுதினால் α = 1 + 5.5β என்று ஓர் உறவு கிடைக்கிறது. அதற்கு மேல் கையால் தீர்க்க வழியில்லை; கணினியில் தோராயமாக நெருங்கிப் போனால் β = 0.018054, α = 1.099297. பரிந்துரை இதை இரண்டு விதமாகச் சுருக்குகிறது: ஒரு நிறத்துக்கு 1,024 படிநிலைகள் உள்ள அமைப்புக்கு 1.099, 0.018, 4,096 படிநிலைகள் உள்ள அமைப்புக்கு 1.0993, 0.0181.