மஞ்சளுக்குள் மூன்று மஞ்சள்

ஈரோட்டு மஞ்சளோ சாங்லி மஞ்சளோ, கொஞ்சம் தூளை அசிட்டோனில் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் சாறு கிடைக்கும். கண்ணுக்கு அது ஒரே நிறம்தான். அந்தச் சாற்றில் ஒரு சின்னப் பொட்டை, சிலிக்கா ஜெல் பூசிய தகட்டின் அடியில் வைக்க வேண்டும். குளோரோஃபார்மும் மெத்தனாலும் 95-க்கு 5 என்ற அளவில் கலந்த கரைப்பானில் தகட்டை நிறுத்தினால், சிறிது நேரத்தில் அந்த ஒரு பொட்டு மூன்றாகப் பிரிந்துவிடும். மேலே நிற்பது குர்குமின். நடுவில் டிமீத்தாக்சிகுர்குமின். அடியில் பிஸ்டிமீத்தாக்சிகுர்குமின்.

பாடப்புத்தகம் இதை மெல்லிய படல வண்ணப்பிரிகை என்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் டி.எல்.சி. என்பார்கள். 1938-இல் கார்கீவ் நகரில் இஸ்மாய்லோவ், ஷ்ரைபர் என்ற இருவர் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கக் கண்ணாடித் துண்டில் அலுமினா பூசிப் பார்த்ததில் இது தொடங்கியது. 1950-களில் ஜெர்மானிய மருந்தியலாளர் ஏகோன் ஸ்டால் தகடு செய்யும் முறையை ஒழுங்குபடுத்திய பிறகுதான் உலகமெங்கும் பரவியது. ஒவ்வொரு பொட்டும் எவ்வளவு தூரம் ஏறியது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஆர்.எஃப். மதிப்பு என்று பெயர்.

அந்த எண்ணைக் கணக்கிட வேண்டியது ஒரே ஒரு வகுத்தல். தகடு சரியாக ஓடினால்தான் அந்த வகுத்தலுக்குப் பொருள் உண்டு. ஆகவே தகட்டைத் தயாரிப்பதிலிருந்தே கவனம் தேவை.

அலுமினியத் தாளில் சிலிக்கா ஜெல் பூசிய தகடுகள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பென்சிலால் மெல்லிய கோடு போட வேண்டும். பேனா கூடாது. மையும் சாயங்களின் கலவைதான். கரைப்பான் பட்டதும் அதுவும் பிரிந்து மேலே ஏறும். கோட்டின்மேல் நுண்குழாயால் சாற்றைத் தொட்டு வைக்கும் பொட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது. நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று நிறைய வைத்தால், பொட்டு வால் முளைத்து நீண்டுவிடும். அப்புறம் அதன் நடுப்புள்ளி எது என்றே தெரியாது.

கரைப்பானை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, உள்சுவரை ஒட்டி ஒரு வடிதாளை நிறுத்தி, ஜாடி முழுக்க ஆவி நிறையும்வரை காத்திருக்க வேண்டும். பொட்டு கரைப்பான் மட்டத்துக்கு மேலே இருப்பது முக்கியம். முங்கிவிட்டால் சாயம் தகட்டில் ஏறாமல் ஜாடிக்குள்ளேயே கரைந்து போய்விடும். குளோரோஃபார்ம் ஆவி உடலுக்குக் கேடு என்பதால் இதையெல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும்.

கரைப்பான் தகட்டின் மேல்விளிம்பைத் தொடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்த கையோடு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடிட வேண்டும். சில விநாடிகளில் ஈரம் காய்ந்துவிடும். கோடு இல்லாவிட்டால் வகுக்க எண்ணும் இல்லை. குர்குமின் வகைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். 366 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் இன்னும் பிரகாசமாக ஒளிரும்.

இப்போது அளவுகோல். தொடக்கக் கோட்டிலிருந்து கரைப்பான் ஏறிய உயரம் 8.0 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பொட்டுகளின் நடுப்புள்ளிகள் அதே கோட்டிலிருந்து 6.0, 4.4, 2.2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

Rf = பொட்டு ஏறிய தூரம் ÷ கரைப்பான் ஏறிய தூரம்

குர்குமினுக்கு 6.0 ÷ 8.0 = 0.75. நடுவில் உள்ளதற்கு 4.4 ÷ 8.0 = 0.55. அடியில் உள்ளதற்கு 2.2 ÷ 8.0 = 0.275, அதாவது 0.28. தூரத்தைத் தூரத்தால் வகுப்பதால் இந்த எண்ணுக்கு அலகு கிடையாது. பூச்சியத்துக்குக் கீழேயும் ஒன்றுக்கு மேலேயும் அது போகவும் முடியாது. இரண்டு தூரங்களையும் பென்சில் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். தகட்டின் விளிம்பிலிருந்து அளப்பது மாணவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இந்தத் தகட்டில் விடை 0.01 அளவுக்கு மாறும். ஆகவே இரண்டு தசம இடங்களுக்கு மேல் எழுதுவது வீண்.

0.75 என்றால் உண்மையில் என்ன? ஒரு மூலக்கூறு தகட்டில் சீராக ஏறிக்கொண்டே போவதில்லை. சிறிது நேரம் சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு கரைப்பானோடு நகரும், மறுபடி ஒட்டும். இப்படி எண்ணற்ற தடவை நடக்கிறது. குர்குமின் மூலக்கூறு தன் நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கரைப்பானில் கழித்திருக்கிறது, கால் பங்கைச் சிலிக்காவில் ஒட்டியபடி கழித்திருக்கிறது என்பதுதான் 0.75-இன் பொருள். அடியில் நிற்கும் 0.28 பொட்டோ நேரத்தில் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன் ஒட்டுகிறது என்ற கேள்வியில்தான் முனைவுத்தன்மை வருகிறது. சிலிக்காத் துகளின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் குழுக்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்தக் குழுக்கள், தம்மைப்போலவே மின்னூட்டம் ஒருபக்கம் சாய்ந்த, அதாவது முனைவுள்ள குழுக்களை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். எனவே முனைவு கூடிய பொருள் கீழே தங்கும், முனைவு குறைந்தது மேலே போகும். மஞ்சளுக்கு மணம் தரும் டர்மரோன் எண்ணெயில் பிடித்துக்கொள்ள ஒரு கீட்டோன் குழு மட்டுமே உண்டு. அதனால் அது குர்குமினையும் தாண்டி உச்சிக்கருகே ஓடிவிடும். அதற்கு நிறம் இல்லாததால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இந்த விதியை மனத்தில் வைத்து மூன்று மஞ்சள்களையும் பார்த்தால் ஒரு புதிர் எழும். குர்குமின் மூலக்கூறில் ஆறு ஆக்சிஜன் அணுக்கள். நடுவில் உள்ளதில் ஐந்து. அடியில் தங்கியதில் நான்கே நான்கு. ஆக்சிஜன் கூடினால் முனைவு கூடும், முனைவு கூடினால் பொட்டு கீழே நிற்கும் என்றால் குர்குமின்தான் அடியில் இருந்திருக்க வேண்டும். தகட்டிலோ வரிசை தலைகீழாக இருக்கிறது.

விடை மூலக்கூறின் இரண்டு முனைகளில் இருக்கிறது. மூன்றிலும் நடுப்பகுதி ஒன்றே. இரு முனைகளிலும் பென்சீன் வளையத்தில் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் குழு இருப்பதும் பொதுவானது. வேறுபாடு அந்த ஹைட்ராக்சிலின் அண்டையில் யார் இருக்கிறார் என்பதில்தான். குர்குமினில் இரண்டு முனைகளிலும் அதன் பக்கத்திலேயே ஒரு மீத்தாக்சி குழு இருக்கிறது. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் அந்த மீத்தாக்சியின் ஆக்சிஜன் பக்கம் திரும்பி, மூலக்கூறுக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை அமைத்துக்கொள்கிறது. போதாததற்கு மீத்தாக்சி இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. சிலிக்கா பிடிப்பதற்குச் சுதந்திரமான கை அங்கே மிச்சமில்லை.

டிமீத்தாக்சிகுர்குமினில் ஒரு முனையில் மட்டும் மீத்தாக்சி இல்லை. அந்த முனையின் ஹைட்ராக்சில் சிலிக்காவை இறுகப் பிடிக்கும். பிஸ்டிமீத்தாக்சிகுர்குமினில் இரு முனைகளும் திறந்தவை. அதனால் பிடிப்பு இரட்டிப்பாகி, பொட்டு அடியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மீத்தாக்சி போகப்போகப் பொட்டு ஒரு படி இறங்குவதைத் தகட்டில் கண்ணால் பார்க்கலாம்.

ஆக, ஆர்.எஃப். மதிப்பு காட்டுவது ஒரு மூலக்கூறில் எத்தனை முனைவுக் குழுக்கள் இருக்கின்றன என்பதை அல்ல. அவற்றில் எத்தனை குழுக்கள் தகட்டைத் தொடும் நிலையில் இருக்கின்றன என்பதையே அது காட்டுகிறது. ஹைட்ரோகார்பன் மேலே, எஸ்டர் அதற்குக் கீழே, ஆல்கஹால் இன்னும் கீழே, கார்பாக்சிலிக் அமிலம் அடியில் என்ற வழக்கமான வரிசை பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அண்டைக் குழுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளில் அது சறுக்கும்.

கரைப்பானும் தன் பங்குக்கு இந்த எண்ணை மாற்றும். மெத்தனால் இல்லாமல் குளோரோஃபார்மை மட்டும் ஓடவிட்டால் மூன்று பொட்டுகளும் கீழேயே முடங்கும். மெத்தனாலைத் தாராளமாகச் சேர்த்தால், அது சிலிக்காவின் பிடியிடங்களைத் தானே எடுத்துக்கொண்டு பொட்டுகளை விடுவித்துவிடும். மூன்றும் உச்சியில் போய் நெருக்கியடித்து நிற்கும். பொட்டுகள் 0.2-க்கும் 0.8-க்கும் இடையில் பிரிந்து நிற்கும்படி கரைப்பானைச் சரிக்கட்டுவதே டி.எல்.சி. செய்பவரின் கைத்திறன். சிலிக்காவுக்குப் பதில் கொழுப்புத்தன்மையுள்ள நீண்ட கார்பன் சங்கிலிகள் ஒட்டப்பட்ட தகட்டை எடுத்து, நீர் கலந்த கரைப்பானில் ஓட்டினால் வரிசையே கவிழும்: முனைவு கூடியது முன்னே போகும்.

காற்றின் ஈரமும் கணக்கில் புகுந்து விளையாடும். மழைக்காலத்தில் திறந்து வைத்த தகடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் மூலக்கூறுகள் பிடியிடங்களை நிரப்பிவிடுவதால் பொட்டுகள் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். தகட்டை 105 டிகிரி வெப்ப அடுப்பில் அரை மணி நேரம் காயவைப்பது இதற்காகத்தான். அப்படியும் நேற்றைய 0.55 இன்றைக்கு 0.58 ஆகலாம். அதனால் தெரிந்த பொருளை அதே தகட்டில், அதே கோட்டில், பக்கத்திலேயே ஓட்டி ஒப்பிடுவதுதான் வழக்கம்.

கலப்படச் சோதனையில் இந்த ஒப்பீடு கைகொடுக்கும். உணவில் சேர்க்க அனுமதியில்லாத மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் ஓர் உப்பு. அதன் மூலக்கூறில் மின்னூட்டம் கொண்ட சல்ஃபோனேட் குழு இருக்கிறது. குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் அது பெரும்பாலும் தொடக்கக் கோட்டருகிலேயே தங்கிவிடும். நல்ல மஞ்சளின் சாற்றிலும் அடியில் கொஞ்சம் பழுப்புக் கறை மிஞ்சுவதுண்டு. எனவே கோட்டில் மஞ்சள் தெரிந்தவுடன் கலப்படம் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. சாயத்தையும் பக்கத்தில் வைத்து, பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் சேர்ந்த முனைவு மிகுந்த கரைப்பானில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கரைப்பான்களிலும் ஒரே உயரத்தில் நின்றால் சந்தேகம் வலுக்கும். ஒரே ஆர்.எஃப். இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே பொருள் ஆகிவிடாது, ஆர்.எஃப். வேறுபட்டால், ஒரே தகட்டில் ஒழுங்காக ஓடியிருக்கும்பட்சத்தில், இரண்டும் வேறு பொருள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மஞ்சளுக்கு நிறமூட்டச் சேர்க்கப்படும் இன்னொரு நஞ்சு லெட் குரோமேட். அது அசிட்டோனில் கரையாது. வடிதாளிலேயே நின்றுவிடும், தகட்டுக்கு வந்தே சேராது. அதைக் கண்டுபிடிக்க ஈயத்துக்கான தனிச் சோதனை வேண்டும். தகட்டில் மூன்று பொட்டுகளும் சுத்தமாக வந்துவிட்டன என்பதை வைத்து அந்தத் தூள் பாதுகாப்பானது என்று யாரும் சான்று கொடுக்க முடியாது.