ஒரே எண்ணில் இரண்டு பொட்டலம்

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இப்போது கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறோம். ஸ்கேனரைக் காட்டியதும் 'பீப்' என்று சத்தம் வந்தால் பில் சரியாக விழுந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அந்தச் சத்தத்துக்கு உண்மையில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பொட்டலத்தில் உள்ள எண்ணைக் கருவி படித்துவிட்டது. அந்த எண் அந்தச் சரக்குக்கு உரியதுதானா என்பது கருவிக்குத் தெரியாது.

மளிகைப் பொட்டலங்களில் நாம் பார்க்கும் கறுப்புக் கோடுகளுக்குள் 13 இலக்கங்கள் மட்டுமே இருக்கின்றன. விலை அதில் இல்லை. எடை இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. ஸ்கேனர் செய்வதெல்லாம் அந்த 13 இலக்கங்களை நமக்குப் பதிலாகத் தட்டச்சு செய்வதுதான். கம்ப்யூட்டர் அந்த எண்ணை நம் கடையின் சரக்குப் பட்டியலில் தேடி, அங்கே நாம் எழுதி வைத்திருக்கும் பெயரையும் விலையையும் பில்லில் போடுகிறது. ஆகவே விலை பொட்டலத்திலிருந்து வருவதில்லை, நம் பட்டியலிலிருந்தே வருகிறது. ஒரு எண்ணுக்கு ஒரு சரக்கு, ஒரு சரக்குக்கு ஒரு எண் என்று இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாக ஓடும். அது எங்கே பிசகினாலும் நஷ்டம் கடைக்காரர் தலையில்தான் விழும்.

நம் உறுப்பினர் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். அவர் உள்ளூரில் பருப்பு பொட்டலம் போடும் ஒருவரிடமிருந்து துவரம் பருப்பு வாங்கினார். அரைக் கிலோ பொட்டலம் 100, ஒரு கிலோ பொட்டலம் 60. அரைக் கிலோவின் விற்பனை விலை 92 ரூபாய், ஒரு கிலோ 180 ரூபாய். பொட்டலம் போட்டவர் இரண்டு பைகளுக்கும் ஒரே பார்கோடை அச்சடித்துவிட்டார். இரண்டும் பருப்புதானே, எதற்குத் தனித்தனி எண் என்பது அவர் எண்ணம்.

சரக்கை வரவு வைத்த பையன் முதலில் அரைக் கிலோவை ஸ்கேன் செய்து, பெயரும் விலையும் எழுதி, 100 என்று பதிந்தான். அடுத்து ஒரு கிலோவை ஸ்கேன் செய்தபோது, அந்த எண் ஏற்கெனவே பட்டியலில் இருப்பதாகத் திரை காட்டியது. பெயர் எழுதும் வேலை மிச்சம் என்று நினைத்து 60-ஐ மட்டும் சேர்த்துவிட்டான். துவரம் பருப்பு 500 கிராம், இருப்பு 160 என்று கணக்கு நின்றது.

மூன்று வாரத்தில் அரைக் கிலோவில் 70 பொட்டலமும் ஒரு கிலோவில் 48 பொட்டலமும் விற்றன. ஒரு கிலோ பொட்டலம் ஒவ்வொன்றும் 92 ரூபாய்க்கே போயிற்று. பொட்டலத்துக்கு 88 ரூபாய் வீதம் 48 பொட்டலத்துக்கு 4,224 ரூபாய் நஷ்டம். பில்லில் '500 கிராம்' என்றுதான் அச்சாகியிருந்தது. ஒரு வாடிக்கையாளர்கூட வந்து கேட்கவில்லை. கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது!

மாத முடிவில் சரக்கை எண்ணிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் மீதி 42. அலமாரியில் அரைக் கிலோ 30, ஒரு கிலோ 12, ஆகமொத்தம் 42. கணக்கு அச்சாகப் பொருந்தியது. பொட்டலங்களை எண்ணிப் பார்க்கும் இருப்புச் சோதனையில் இந்தத் தவறு அகப்படவே அகப்படாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறை இல்லை, பணத்தில்தான் குறை. கொள்முதல் தொகையையும் விற்பனைத் தொகையையும் அந்த ஒரு சரக்குக்கு மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அரைக் கிலோ 84 ரூபாய்க்கும் ஒரு கிலோ 165 ரூபாய்க்கும் கொள்முதல். கொடுத்த பணமே திரும்பி வராத ஒரு சரக்கு பட்டியலில் தெரிந்தால், விலை போட்டதில் தவறா என்று தேடும் முன் அந்த எண் வேறு எதிலாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. தவறைத் திருத்துகிறோம் என்று விலையை 180 ஆக மாற்றினார்கள். மறுநாளே அரைக் கிலோ வாங்கிய ஒருவர் பில்லோடு திரும்பி வந்தார். பொட்டலத்தில் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலை 95, பில்லில் 180. நஷ்டம் நம்முடையதாக இருந்தவரை அது உள் விவகாரம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது எடையளவுச் சட்டப்படி குற்றம். ஸ்கேனர் செய்த பிழை என்று சொல்லித் தப்ப முடியாது.

பொட்டலம் போடுகிறவர் இரண்டு எண்கள் வாங்கியிருக்க வேண்டும். எடை மாறினால் எண் மாற வேண்டும் என்பது விதி. 100 கிராம் பாக்கெட்டை 90 கிராம் ஆக்கினாலும் புது எண்தான். அவர் திருத்தித் தரும்வரை நம் உறுப்பினர் ஒரு கிலோ பைகளில் கடையின் சொந்த ஸ்டிக்கரை ஒட்டினார். அப்படி ஒட்டும்போது பழைய கோடுகள் முழுவதும் மறைய வேண்டும். பக்கத்தில் ஒட்டினால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைத்தான் ஸ்கேனர் எடுத்துக்கொள்ளும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? நம் நாட்டில் இவற்றை வழங்குவது 1996-ல் ஏற்பட்ட அமைப்பு, இன்றைய பெயர் ஜி.எஸ்.1 இந்தியா. அது கொடுக்கும் எண்கள் 890 என்று தொடங்கும். அடுத்த சில இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும், அதற்கடுத்தவை அந்த நிறுவனம் தன் சரக்குகளுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொள்பவை. 890 இருந்தால் இந்தியாவில் செய்தது, இல்லாவிட்டால் அந்நியச் சரக்கு என்று வாடிக்கையாளர்கள் சிலர் வாதாடுகிறார்கள். அது சரியல்ல. எண் எங்கே பதிவானது என்பதைத்தான் அது சொல்லும், சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதை அல்ல.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 8901234567890 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 34, அதை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே குறைவு இல்லை, ஆகவே 0. கோடு கிழிந்துபோய்க் கையால் தட்டும்போது 34 என்பதை 43 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 132 ஆகிவிடும். கடைசி இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும், இருப்பதோ 0; கம்ப்யூட்டர் மறுத்துவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்து, 16 என்பதை 61 என்று மாற்றித் தட்டினால், இந்தக் காவல்காரன் ஏமாந்துபோவான். எண் சரியாக இருந்து சரக்கு மாறியிருந்தால் அவனால் ஒன்றுமே செய்ய முடியாது. பருப்புக் கடைக்காரருக்கு நேர்ந்தது இதுதான்.

எண் வாங்கக் கட்டணம் உண்டு என்பதால் சிறு பொட்டலக்காரர்கள் சிலர் அச்சகத்தில் வாய்க்கு வந்த எண்ணைக் கொடுத்து அடிக்கிறார்கள். வேறொரு கம்பெனியின் பாக்கெட்டைப் பார்த்து நகல் எடுப்பதும் உண்டு. அந்தக் கம்பெனியின் சரக்கும் நம் கடையில் இருந்தால், மிளகாய்த்தூளை ஸ்கேன் செய்யும்போது சோப்பு என்று பில் விழும். வரவு வைக்கும் பையன் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை எழுதிவிட்டாலோ, அன்றிலிருந்து சோப்பெல்லாம் மிளகாய்த்தூளாக விற்கும். இரண்டு சரக்கின் கணக்கும் சேர்ந்து கெடும், வரி விகிதமும் மாறிப் பதியும்.

நாமே கடையில் எடை போட்டுக் கட்டும் உதிரிச் சரக்குக்கு யாரிடமும் எண் வாங்க வேண்டியதில்லை. 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உதாரணமாக 2100457007503 என்று தராசு அச்சிட்டால், 21-க்கு அடுத்த 00457 நம் கடையின் சரக்கு எண், 00750 என்பது 750 கிராம், கடைசி 3 காவல் இலக்கம் என்று அமைத்துக்கொள்ளலாம். தராசிலும் பில் கம்ப்யூட்டரிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். எடை என்று தராசு அச்சிட்டதை விலை என்று கம்ப்யூட்டர் படித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த எண்ணுக்கு நம் கடை வாசல்தான் எல்லை. மொத்த வியாபாரி ஒருவர் இதே எண்ணைப் போட்டுப் பத்துக் கடைக்கு அனுப்பினால், பத்துக் கடையிலும் 00457 என்பது வெவ்வேறு சரக்காக இருக்கும். மற்றக் கடைகளுக்குக் கொடுக்கும் சரக்குக்கு முறைப்படி எண் வாங்குவதைத் தவிர வழி இல்லை.

எண் சரியாக இருந்தும் சிக்கல் வரும் ஓர் இடம் உண்டு. விலை மாறும்போது கம்பெனிகள் அதே எண்ணையே தொடர்வது நம் நாட்டில் சகஜம். 2025 செப்டம்பர் 22-ல் பல மளிகைப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தபோது, பழைய விலைப் பாக்கெட்டும் புது விலைப் பாக்கெட்டும் ஒரே எண்ணோடு ஒரே தட்டில் நிற்கும் நிலை வந்தது. இப்படிப்பட்ட சமயங்களில் மென்பொருள் ஒரு எண்ணுக்குக் கீழே இரண்டு விலைகளையும் வைத்துக்கொண்டு, எது என்று கேட்கும்படி அமைத்திருக்க வேண்டும். பில் போடுகிறவர் பாக்கெட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்காமல் முதலில் தெரிவதை அழுத்துவதுதான் பல கடைகளில் நடக்கிறது.

இத்தனைக்கும் தடுப்பு ஒரே இடத்தில், சரக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பொட்டலத்தை எடுத்து ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயர், எடை, விலை மூன்றும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்ணிக்கையைப் பதிய வேண்டும். புதுச் சரக்கு என்று நமக்குத் தெரிந்த ஒன்றைக் கம்ப்யூட்டர் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெட்டியின் மேல் உள்ள 14 இலக்க எண் பெட்டிக்கு உரியது. அதை ஒரு பாக்கெட்டாகப் பதிந்தால் 24 பாக்கெட் உள்ள பெட்டி கணக்கில் ஒன்றாக நிற்கும்.

புதிதாக ஒரு பொட்டலக்காரரிடம் வாங்கும்போது அவருடைய எண் உண்மையானதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். இணையத்தில் Verified by GS1 என்ற பக்கத்தில் 13 இலக்கங்களையும் தட்டினால், அந்த எண் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். அங்கே வேறு யாருடைய பெயராவது வந்தால், சரக்கை இறக்கும் முன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது.