மூன்று ஐம்பத்து நான்குக்கு வந்த தொலைபேசி

வணிகவியல் தேர்வுகளில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். “ஒரு நிறுவனத்தின் இயக்குநர், வெளியே தெரியாத செய்தியை வைத்துப் பங்கு வாங்கி லாபம் பார்த்தார். இது திறன்மிகு சந்தைக் கருதுகோளின் எந்த வடிவத்துக்கு எதிரான சான்று?” மாணவர்களில் பலர் “மூன்றுக்கும்” என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விடை தவறு. ஏன் தவறு என்று பார்த்தாலே இந்தக் கருதுகோள் புரிந்துவிடும். அதற்கு நீதிமன்றம்வரை போன உண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது.

2008 செப்டம்பர் 23. அமெரிக்க வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்த நேரம். கோல்ட்மேன் சாக்ஸ் இயக்குநர் குழு அன்று பிற்பகல் தொலைபேசி வழியே அவசரமாகக் கூடியது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் 500 கோடி டாலர் முதலீடு செய்வதற்கு ஒப்புதல் கிடைத்தது. குழுவில் இருந்தவர் ரஜத் குப்தா. கூட்டம் முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவரிடமிருந்து ராஜ் ராஜரத்தினத்துக்கு அழைப்பு போயிற்று. ராஜரத்தினம் கொழும்பில் பிறந்த தமிழர், நியூயார்க்கில் கேலியன் என்ற முதலீட்டு நிதியை நடத்தியவர். நான்கு மணிக்குச் சந்தை மூடும். மூடுவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கேலியன் நிதிகள் சுமார் 2,17,200 கோல்ட்மேன் பங்குகளை வாங்கின. கொடுத்த பணம் ஏறக்குறைய 2.7 கோடி டாலர். செய்தி ஊருக்குத் தெரிந்தது சந்தை மூடிய பிறகு. அன்று 125.05 டாலரில் முடிந்த பங்கு, மறுநாள் காலை 128.44 டாலரில் தொடங்கியது. மாலையில் 133 டாலர். அன்றே பங்குகளை விற்றதில் கிடைத்த லாபம் 8 லட்சம் டாலருக்கு மேல்.

இனி கருதுகோளுக்கு வருவோம். 1970இல் யூஜின் ஃபாமா எழுதிய ஆய்வுக் கட்டுரை அதை மூன்று படிகளாக விளக்கியது. வலுகுறைந்த வடிவத்தின்படி, பழைய விலைகளில் இருக்கும் செய்தி எல்லாம் இன்றைய விலைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. பாதி வலுவான வடிவம் பழைய விலைகளோடு நிற்பதில்லை. லாப அறிக்கை, பத்திரிகைச் செய்தி என ஊரறிந்த அத்தனையும் விலைக்குள் வந்துவிட்டது என்கிறது. முழு வலுவான வடிவத்தில் நான்கு சுவருக்குள் இருக்கும் ரகசியமும் சேர்ந்துவிடும். கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியும் தனக்கு முந்தையதைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஆகவே கீழ்ப்படி உடைந்தால் மேலே உள்ளவையும் சேர்ந்து விழும். மேல்படி மட்டும் உடைந்தால் கீழ்ப்படிக்கு ஒன்றும் ஆகாது.

இதை வைத்து அந்தப் பிற்பகலைப் பாருங்கள். பஃபெட் வரும் செய்தி ஏற்கெனவே விலைக்குள் இருந்திருந்தால், ராஜரத்தினம் வாங்கியதில் லாபமே வந்திருக்காது. அவருக்குப் பங்கை விற்றவர்களுக்கும் நட்டம் இருந்திருக்காது. லாபம் வந்தது. எனவே முழு வலுவான வடிவம் பொய்க்கிறது. ஆனால் மற்ற இரண்டும்? செய்தி அப்போது யாருக்கும் தெரியாதது, பழைய விலைப்படத்திலும் இல்லாதது. அந்த இரண்டு வடிவங்களையும் இந்தச் சம்பவம் தொடவே இல்லை. ராஜரத்தினத்துக்கு 2011இல் 11 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. குப்தாவுக்கு 2012இல் 2 ஆண்டுச் சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும். உள்ளாள் வணிகத்தைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று தேவைப்படுகிறது என்பதிலேயே, முழு வலுவான வடிவத்தை நாடுகள் நம்பவில்லை என்று நான் படித்துக்கொள்கிறேன்.

கூர்ந்து படிப்பவர் இங்கே ஒன்று கேட்பார். செய்தி வெளியான பிறகு பங்கு 128.44இல் தொடங்கி 133 வரை ஏறியதே, அப்படியானால் ஊரறிந்த செய்தியைக்கூடச் சந்தை உடனே உள்வாங்கவில்லை என்றுதானே பொருள்? நல்ல கேள்வி. ஆனால் ஒரு பங்கின் ஒரு நாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அன்று பகலில் வேறு செய்திகளும் வந்திருக்கும். பாதி வலுவான வடிவத்தைச் சோதிக்க நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் அறிவிப்பு நாட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். அப்போதுதான் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

1968இல் ரே பாலும் பிலிப் பிரவுனும் 261 அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டு லாப அறிவிப்புகளை இப்படித்தான் அடுக்கிப் பார்த்தார்கள். செய்தியின் பெரும்பகுதி அறிவிப்பு நாளுக்கு முன்பே விலைக்குள் வந்திருந்தது. இது கருதுகோளுக்குச் சாதகம். ஆனால் அறிவிப்புக்குப் பிறகும் விலை அதே திசையில் சிறிது காலம் நகர்ந்துகொண்டிருந்தது. 1989இல் பெர்னார்டு, தாமஸ் இருவரும் இந்த நகர்வை அளந்தார்கள். எதிர்பார்ப்பை மிக அதிகம் மிஞ்சிய லாபம் காட்டிய பத்தில் ஒரு பங்கு நிறுவனங்களை வாங்கி, மிக மோசமாக ஏமாற்றிய பத்தில் ஒரு பங்கைக் கடன் வாங்கி விற்றால், அடுத்த 60 வணிக நாட்களில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல் ஆதாயம். செய்தித்தாளில் வந்த செய்தியை வைத்தே இதைச் செய்யலாம். பாதி வலுவான வடிவத்துக்கு எதிரான சான்று என்று தயங்காமல் எழுதக்கூடியது இதுதான். இந்த நகர்வு சிறிய நிறுவனங்களில் அதிகம். அங்கேதான் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளியும் அதிகம். காகிதத்தில் தெரியும் ஆதாயத்தில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே போய்விடும்.

கடைசியாக வலுகுறைந்த வடிவம். பங்குத் தரகர் ஒருவர் விலைப்படத்தைக் காட்டி “இது ஏறும் சார்” என்பது இந்த வடிவத்தின்படி வீண்பேச்சு. 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் ஒரு எளிய விதியைச் சோதித்தார்கள். கடந்த ஆறு மாதம் நன்றாக ஏறிய பங்குகளை வாங்கு, இறங்கியவற்றை விற்று வை, ஆறு மாதம் அப்படியே இரு. 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கத் தரவில் இது ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் தந்தது. பழைய விலையைத் தவிர இதற்கு வேறெந்தத் தகவலும் தேவையில்லை. அடிப்படிக்கே எதிரான சான்று என்பதால், தேர்வில் இதைக் கேட்டால்தான் “மூன்றுக்கும்” என்ற விடை பொருந்தும்.

ஃபாமா தரப்பின் பதிலும் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. 12 சதவீதம் “கூடுதல்” என்று சொல்ல, இயல்பாக எவ்வளவு கிடைத்திருக்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஆபத்துக்கும் ஆதாயத்துக்கும் உள்ள உறவு பற்றிய ஒரு மாதிரி. முடிவு பொருந்தாதபோது சந்தை தவறா, மாதிரி தவறா என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஆதாயம், நம் கணக்கில் வராத ஏதோ ஒரு ஆபத்துக்கான கூலியாகவும் இருக்கலாம். அப்படியொரு ஆபத்து உண்டு என்பதை 2009 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்கள் காட்டின. சந்தை அடிமட்டத்திலிருந்து திரும்பியபோது, மிக மோசமாக விழுந்திருந்த பத்தில் ஒரு பங்கு நிறுவனங்கள் 163 சதவீதம் ஏறின. முன்பு முன்னணியில் இருந்தவை 8 சதவீதம்தான். வென்றவற்றை வாங்கித் தோற்றவற்றை விற்று வைத்திருந்தவர்களின் பல ஆண்டு ஆதாயம் அந்த மூன்று மாதத்தில் கரைந்தது.