முக்கோணத் தகடும் லாரிப் பட்டையும்

ஒரு முனை சுவரில் இறுகப் பதிந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் கான்டிலீவரின் நுனியில் எடையைத் தொங்கவிட்டால், அதை வளைக்கும் திருப்புமை நுனியில் பூஜ்யம், சுவரை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். எடையை அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அந்தத் தூரத்தால் பெருக்கினால் அந்த இடத்துத் திருப்புமை கிடைத்துவிடும். இந்த ஒரு வரிக் கணக்கை வைத்துக்கொண்டே ஒரு கான்டிலீவரில் பாதி இரும்பைக் குறைத்துவிடலாம்.

ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 500 மில்லிமீட்டர், அகலம் 60, கனம் 10. நுனியில் 400 நியூட்டன், ஏறக்குறைய 40 கிலோ எடை, தொங்குகிறது. சுவரோரத்தில் திருப்புமை 2,00,000 நியூட்டன் மில்லிமீட்டர். அகலத்தைக் கனத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 1,000 வரும். திருப்புமையை இதனால் வகுத்தால், தகட்டின் மேல்தோலிலும் அடித்தோலிலும் ஏற்படும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன். நாம் எடுத்த எஃகு தாங்கும் எல்லை இதுதான் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் நடுவில் இதே கணக்கைப் போட்டால் 100தான் வரும். நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இன்னும் குறைவு. ஆக, முழுப் பலத்தோடு உழைப்பது சுவரோரத்து இரும்பு மட்டுமே. மீதி இரும்புக்கும் அதே விலைதான் கொடுக்கிறோம்.

இதை முதலில் கணக்காகப் பார்த்தவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த தம் நூலில், அகலத்தை மாற்றாமல் உயரத்தை நுனியை நோக்கிப் பரவளையமாகக் குறைத்தால் எங்கும் ஒரே பலம் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு பொருள் மிச்சமாகும் என்று காட்டினார். நாம் கனத்தை அப்படியே விட்டு அகலத்தைக் குறைப்போம். பட்டறையில் இதுதான் எளிது. கடையில் கிடைக்கும் தகட்டுக்கு ஒரே கனம்தான் இருக்கிறது, அதை மேலிருந்து வெட்டினால் போதும்.

கனம் மாறாதபோது ஓர் இடத்தின் பலம் அதன் அகலத்தை அப்படியே பின்பற்றும். திருப்புமை நுனியிலிருந்து நேர்கோடாக ஏறுகிறது என்றால் அகலமும் நேர்கோடாக ஏறினால் போதும். சுவரோரத்தில் 60 மில்லிமீட்டர், நடுவில் 30, நுனியில் ஒன்றுமில்லை: ஓர் இருசமபக்க முக்கோணம். எந்த இடத்தில் கணக்குப் போட்டாலும் தகைவு 200தான். செவ்வகத் தகட்டின் எடை 2.36 கிலோ, முக்கோணத்தின் எடை 1.18. தாங்கும் பளு மாறவில்லை, இரும்பு சரிபாதி. கலிலியோவின் பரவளையம் மிச்சப்படுத்திய மூன்றிலொன்றை விட இது அதிகம்.

எல்லா இடத்திலும் ஒரே தகைவு என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கனமும் தகைவும் ஒன்றாக இருந்தால் வளைவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதாவது தகடு ஒரு வட்டத்தின் துண்டாக வளைய வேண்டும். நம் தகட்டுக்கு அந்த வட்டத்தின் ஆரம் 5 மீட்டர். எடை தொங்கும்போது 20 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலைத் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பிடித்தால், ஸ்கேலின் இரு முனையும் தொட்டு நடுவில் 1 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். ஃபீலர் கேஜை நுழைத்து அளந்துவிடலாம். சுவரோரத்தில் பிடித்தாலும் நுனிப்பக்கம் பிடித்தாலும் அதே 1 மில்லிமீட்டர். செவ்வகத் தகட்டில் இதையே செய்தால் சுவரோரத்தில் 0.8, நுனியோரத்தில் 0.2 என்று இறங்கும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிப் பழகுவதற்கு முக்கோணத் தகடு வைத்திருப்பதும் இதனால்தான். கேஜைச் சற்றுத் தள்ளி ஒட்டிவிட்டாலும் அளவு மாறாது.

ஆனால் நுனியில் அகலமே இல்லாத தகட்டில் எடையை எதில் தொங்கவிடுவது? வெட்டு விசையைத் தாங்க அங்கே இரும்பு வேண்டும்தான். நம் எடைக்கு அது ஒரு மில்லிமீட்டரைக் கூட எட்டாது. உண்மையான தேவை ஒரு போல்ட்டுக்கான துளையும், அதன் இருபுறமும் கொஞ்சம் சதையும், பக்கவாட்டில் இடித்தால் கோணிப்போகாத உடலும். இதற்கு 20 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்று கொள்வோம். இந்த இடத்தில்தான் பலர் லாபத்தில் ஒரு பகுதியைக் கோட்டை விடுகிறார்கள். நுனியில் 20, சுவரோரத்தில் 60 என்று குறித்து இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து வெட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மிச்சமாவது மூன்றில் ஒரு பங்குதான், இடையில் எல்லா இடத்திலும் இரும்பு தேவைக்கு மேல். சரியான வழி, முக்கோணத்தின் கோட்டை மாற்றாமல் விட்டு, அதன் அகலம் 20ஐத் தொடும் இடம் வரை, அதாவது நுனியிலிருந்து 167 மில்லிமீட்டருக்கு, 20 அகலத்திலேயே நேராக ஓட்டி, அதன்பிறகு முக்கோணத்தின் கோட்டைப் பிடிப்பது. அப்போது எடை 1.31 கிலோ, மிச்சம் 44 சதவீதம். நுனியை மூன்றிலொரு பங்கு அகலமாக விட்டும் இழந்தது ஆறு சதவீதத்துக்கும் குறைவு.

வெட்டியெறியும் துண்டுகள் குப்பைக்குப் போனால் இந்த மிச்சம் காகிதத்தோடு நின்றுவிடும். கூர்நுனி முக்கோணங்களாக இருந்தால் ஒன்றைத் தலைகீழாக, அடுத்ததை நேராக என்று மாற்றி மாற்றி அடுக்கி வெட்டலாம். அரை மீட்டர் அகலப் பட்டையில் 20 செவ்வகங்களுக்கு 120 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 20 முக்கோணங்கள் 63 சென்டிமீட்டரில் அடங்கிவிடும், வெட்டுவாய்க்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். செவ்வகத்தை மூலைவிட்டமாக வெட்டி இரண்டு எடுப்பது இன்னும் சுலபமாகத் தோன்றும். அப்படிச் செய்தால் எடை ஒரு விளிம்பில் விழுந்து தகடு வளைவதோடு முறுக்கிக்கொள்ளும். நடுக்கோட்டின் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த முக்கோணம் நுனியில் தொங்கும் எடைக்கு மட்டும் உரியது. பளு முழு நீளத்திலும் சீராகப் பரவியிருந்தால் திருப்புமை தூரத்தின் வர்க்கமாக ஏறும், அகலமும் அப்படியே ஏற வேண்டும். இரு விளிம்பும் உள்வாங்கி வளைந்த அந்த வடிவத்துக்கு மூன்றிலொரு பங்கு இரும்பு போதும். அந்தத் தகட்டின் நுனியில் யாராவது எடையைத் தொங்கவிட்டால் அது நுனியருகே மடங்கும்.

பலம் அப்படியே இருக்கிறது என்றேன். விறைப்பு அப்படியே இல்லை. செவ்வகத் தகட்டின் நுனி 16.7 மில்லிமீட்டர் தாழும், முழு முக்கோணத்தின் நுனி 25 மில்லிமீட்டர் தாழும், ஒன்றரை மடங்கு. அலமாரித் தாங்கிக்கு இது குறை. அகலத்தை ஒன்றரை மடங்காக்கிச் சரிசெய்தால் மிச்சம் 25 சதவீதமாகச் சுருங்கிவிடும். கனத்தைக் கூட்டுவது நல்லது, ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடியாக ஏறுகிறது. 10க்குப் பதில் 12 மில்லிமீட்டர் தகட்டில் அதே முக்கோணத்தை வெட்டினால் தாழ்வு 14.5 மில்லிமீட்டராகக் குறைகிறது. முதல் செவ்வகத்தைவிட விறைப்பு அதிகம், இரும்பு 40 சதவீதம் குறைவு.

ஆனால் வளைவதே வேலையாக உள்ள பொருள் ஒன்று இருக்கிறது: ஸ்பிரிங். அங்கே அந்த ஒன்றரை மடங்கு தாழ்வு முழு லாபம். எடையில் பாதியைத் தாழ்வால் பெருக்கினால் தகடு உள்வாங்கும் ஆற்றல் வரும். செவ்வகம் 2.36 கிலோவில் 3.3 ஜூல் வாங்குகிறது, முக்கோணம் 1.18 கிலோவில் 5 ஜூல். கிலோவுக்குக் கணக்கிட்டால் மூன்று மடங்கு. இதுதான் இந்த வடிவத்தின் உண்மையான வெற்றி என்பேன்.

ஆனாலும் லாரியின் அடியில் முக்கோணத்தைக் காணோமே என்று கேட்கலாம். இருக்கிறது, மடித்து வைத்திருக்கிறார்கள். 600 மில்லிமீட்டர் நீளமும் அடியில் 360 அகலமும் உள்ள முக்கோணத்தை லாரிச் சட்டத்துக்குக் கீழே வைக்க இடம் கிடையாது. அதை நீளவாக்கில் நறுக்குங்கள். நடுவில் 60 அகலமுள்ள ஒரு நாடா. அதன் இருபுறமும் 30, 30 என்று வரும் நாடாக்களை ஜோடி சேர்த்தால் அவையும் 60 அகலம், நீளம் மட்டும் குறைவு. 600, 500, 400, 300, 200, 100 என்று ஆறு பட்டைகள் கிடைக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இதேபோல் இன்னொரு பாதியை எதிர்ப்புறம் சேர்த்து, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட்டால் அச்சோடு இறுக்கினால் லாரிப் பட்டைக் கட்டு. படிப்படியாக நீளம் குறைந்துகொண்டே போகும் அந்த அடுக்கு, மேலிருந்து விரித்துப் பார்த்தால் நாம் வெட்டிய தகடுதான்.

மெயின் பட்டை மட்டும் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காது. அதன் இரு முனையிலும் கண் வளைக்க வேண்டியிருப்பதால் அதைக் கூர்மையாக்க முடியாது. துணைக்கு இன்னொரு முழுநீளப் பட்டையும் வைப்பதுண்டு. நாம் 20 மில்லிமீட்டரில் நேராக ஓட்டிய நுனிப்பகுதிக்கு இது சமம். ஆனால் முழுநீளப் பட்டை ஒரு செவ்வகம், மற்றவை சேர்ந்து முக்கோணம். தனித்தனியாக விட்டால், அதே தகைவில் செவ்வகம் 16.7 தாழும், முக்கோணம் 25 தாழும் என்று பார்த்தோம். ஒரே கட்டில் இறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே அளவு தாழ்ந்தாக வேண்டும். அப்போது முழுநீளப் பட்டையின் தகைவு மற்றவற்றைவிட ஒன்றரை மடங்காகிவிடும், முதலில் ஒடிவதும் அதுவே.

இதற்குப் பட்டறையில் செய்யும் பரிகாரம், முழுநீளப் பட்டையை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தட்டையாக வளைப்பது. அடுக்கி வைக்கும்போது முனைகள் தொட்டு நடுவில் சிறிய இடைவெளி தெரியும். சென்டர் போல்ட்டை முறுக்க முறுக்க அந்த இடைவெளி மூடும், முழுநீளப் பட்டை தான் பளுவில் வளையப்போகும் திசைக்கு எதிர்த்திசையில் முன்கூட்டியே வளைந்துகொள்ளும். வண்டியில் பளு ஏறும்போது அந்த எதிர்த்தகைவு முதலில் கழிந்து, முழுப் பளுவில் எல்லாப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே தகைவுக்கு வந்து சேரும். ஒடிந்த பட்டைக்குப் பதிலாகப் புதியதைப் போடும்போது இந்த இடைவெளியைப் பார்க்காமல், பழைய அடுக்கோடு இடைவெளியே இல்லாமல் பொருந்தும்படி வளைத்துப் போட்டால், கட்டு இறுக்கமாகவும் ஒழுங்காகவும்தான் தெரியும். சில மாதங்களில் அந்தப் புதுப் பட்டையே சென்டர் போல்ட் துளையோரம் விரிசல் விடும். மாற்றியவர் இரும்பின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன், போல்ட்டைக் கழற்றியதும் பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.