விளம்பரம் போடாமலே விற்றிருக்குமா?

ஆன்லைனில் புடவை விற்கும் கடை ஒன்று ஃபேஸ்புக்கில் 2,40,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்ததாக வைத்துக்கொள்வோம். 900 விற்பனை விளம்பரத்தால் வந்தது என்கிறது வழக்கமான அறிக்கை. விளம்பரத்தைப் பார்த்தவர் பின்னால் வாங்கினால் அது விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரும் அதில் அடக்கம்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ‘கன்வர்ஷன் லிஃப்ட்’ சோதனை. 5 லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 4 லட்சம் பேர் டெஸ்ட் குழு. அவர்களுக்கு விளம்பரம் போகலாம். 1 லட்சம் பேர் கன்ட்ரோல் குழு; அவர்களுக்குப் போகவே போகாது. டெஸ்ட் குழுவில் 2,240 பேரும் கன்ட்ரோல் குழுவில் 500 பேரும் வாங்கினார்கள். கன்ட்ரோல் குழுவும் 4 லட்சமாக இருந்திருந்தால் 2,000 பேர் வாங்கியிருப்பார்கள். ஆக, விளம்பரம் கூடுதலாகக் கொண்டுவந்தது 240 விற்பனை, அதாவது 12 சதவீத உயர்வு. 900 எங்கே, 240 எங்கே!

டெஸ்ட் குழுவில் எல்லோர் கண்ணிலும் விளம்பரம் பட்டிருக்காது. பட்டவர்களை மட்டும் எடுத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். கூடாது. அவர்கள் அதிக நேரம் ஃபேஸ்புக்கில் இருப்பவர்கள், ஆன்லைனில் அதிகம் வாங்குபவர்களாகவும் இருக்கலாம். குலுக்கலால் வந்த சமநிலை அங்கேயே கெட்டுவிடும். குழுவை முழுசாக எடுத்தால்தான் கணக்கு நிற்கும்.

இனி பலர் தாண்டிப் போகும் வரி. 90 சதவீத நம்பிக்கை இடைவெளி: ஏறத்தாழ 75 முதல் 405 வரை. இப்படிப்பட்ட சோதனையைப் பலமுறை நடத்தி ஒவ்வொரு முறையும் இடைவெளி போட்டால், பத்தில் ஒன்பது இடைவெளிகளுக்குள் உண்மையான எண் இருக்கும் என்பதே இதன் பொருள். பூஜ்யம் உள்ளே வரவில்லை என்பதால் விளம்பரம் வேலை செய்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பூஜ்யம் உள்ளே வந்திருந்தால்கூட, விளம்பரம் வீண் என்று ஆகிவிடாது. இந்த அளவு தரவை வைத்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கடைக்காரருக்கு வேண்டியது லாபக் கணக்கு. 240 என்றால் ஒரு கூடுதல் விற்பனைக்கு 1,000 ரூபாய் செலவு. 405 என்றால் சுமார் 590. 75 என்றால் 3,200. ஒரு புடவையில் அவருக்கு 1,100 ரூபாய் நிற்கிறது என்றால், நடு எண்ணில் லாபம், கீழ் எண்ணில் பெரிய நஷ்டம். விளம்பரம் பலித்தது, கட்டுபடியாகிறதா என்பது தெரியவில்லை. பட்ஜெட்டை இரட்டிப்பாக்க இந்த அறிக்கை போதாது என்பேன்.

இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குப் பெரும் காரணம் கன்ட்ரோல் குழுவின் அந்த 500 விற்பனை. எண்ணிக்கை சிறிதானால் தற்செயலின் ஆட்டம் பெரிது. அதே 5 லட்சம் பேரைச் சரிபாதியாகப் பிரித்தால் இடைவெளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறுகும். அதற்கு விலை, இன்னும் ஒன்றரை லட்சம் பேருக்கு சோதனை முடியும்வரை விளம்பரம் போகாது.