முக்கோணத்துக்குச் சமமான பிறை

ஹிப்போகிரட்டீஸ் என்றதும் மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழிதான் நினைவுக்கு வரும். அவர் கோஸ் தீவுக்காரர். கிட்டத்தட்ட அதே காலத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், கியோஸ் தீவிலும் ஒரு ஹிப்போகிரட்டீஸ் இருந்தார். இவர் வணிகராக இருந்து கணிதத்துக்கு வந்தவர். பைசாந்தியத்தில் சுங்கம் வசூலிப்பவர்களிடம் ஏமாந்து பெரும்பணத்தை இழந்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார்; கடற்கொள்ளையர்களிடம் கப்பலைப் பறிகொடுத்தார் என்று இன்னொரு கதையும் உண்டு. எப்படியோ ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தார், வடிவியலில் மூழ்கினார். இரண்டு வட்ட விற்களுக்கு நடுவே அடைபட்ட பிறை வடிவத்தின் பரப்பு என்ன என்ற கேள்விக்கு நமக்குத் தெரிந்த முதல் துல்லியமான விடை இவருடையது.

அவர் எழுதிய நூல் எதுவும் மிஞ்சவில்லை. யூடிமஸ் என்பவர் எழுதிய வடிவியல் வரலாற்றில் அவருடைய முறை விவரிக்கப்பட்டிருந்தது. அந்த நூலும் தொலைந்துவிட்டது. நல்லவேளையாக, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதும்போது யூடிமஸின் அந்தப் பகுதியைத் தன் உரையில் சேர்த்து வைத்தார். நாம் அறிவதெல்லாம் அந்த வழியாக வந்ததுதான்.

ஒரு காகிதமும் காம்பஸும் இருந்தால் அந்தப் பிறையை வரைந்துவிடலாம். இரண்டு பக்கங்கள் தலா 10 செ.மீ. நீளமுள்ள, அவற்றுக்கிடையே செங்கோணம் அமைந்த ஒரு முக்கோணம் வரையுங்கள். செங்கோணம் உள்ள முனையை இ என்றும், மற்ற இரண்டு முனைகளை அ, ஆ என்றும் வைத்துக்கொள்வோம். அ, ஆ இரண்டையும் இணைக்கும் கர்ணத்தை விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் போட்டால், அது சரியாக இ வழியாகப் போகும். இதுதான் பெரிய அரைவட்டம். அடுத்து, அஇ என்ற 10 செ.மீ. பக்கத்தை விட்டமாகக் கொண்டு, முக்கோணத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு சின்ன அரைவட்டம் போடுங்கள். அ முதல் இ வரை இப்போது இரண்டு விற்கள் இருக்கின்றன: வெளியே சின்ன அரைவட்டத்தின் வில், உள்ளே பெரிய வட்டத்தின் ஒரு பகுதி. இரண்டுக்கும் இடையே இருப்பதுதான் நம் பிறை.

பரப்பைக் கணக்கிடுவோம். சின்ன அரைவட்டத்தின் ஆரம் 5 செ.மீ. ஆகவே அதன் பரப்பு 39.27 சதுர செ.மீ. பெரிய வட்டத்தின் மையம் கர்ணத்தின் நடுப்புள்ளி. அதிலிருந்து அ-வுக்கும் இ-க்கும் கோடு போட்டால் ஒரு கால்வட்டம் கிடைக்கும். பெரிய வட்டத்தின் ஆரத்தை ஆரத்தால் பெருக்கினால் 50 வருகிறது (கர்ணத்தின் வர்க்கம் 200, ஆரம் கர்ணத்தில் பாதி என்பதால் அதில் கால்பங்கு). கால்வட்டத்தின் பரப்பு, பை பெருக்கல் 50 வகுத்தல் 4, அதுவும் 39.27 சதுர செ.மீ.

இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இப்போது, அஇ என்ற நாணுக்கும் பெரிய வட்டத்தின் வில்லுக்கும் இடையே ஒரு மெல்லிய வட்டத்துண்டு இருக்கிறது. அது சின்ன அரைவட்டத்துக்கும் சொந்தம், கால்வட்டத்துக்கும் சொந்தம். சின்ன அரைவட்டத்திலிருந்து அதை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பிறை. கால்வட்டத்திலிருந்து அதையே வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒரு முக்கோணம். சம அளவுள்ள இரண்டிலிருந்து ஒரே துண்டை எடுத்தால் மிச்சமும் சமம்தானே? ஆகவே பிறையின் பரப்பும் அந்த முக்கோணத்தின் பரப்பும் ஒன்று. அந்த முக்கோணம் நாம் முதலில் வரைந்த முக்கோணத்தில் சரிபாதி. 50-இல் பாதி 25. பிறையின் பரப்பு 25 சதுர செ.மீ., தசமப் புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் வளைந்த ஓர் உருவத்தின் பரப்பில் பை என்ற எண்ணின் சுவடே இல்லை. இதைக் கண்ட ஏதென்ஸ்காரர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வட்டத்துக்குச் சமமான சதுரத்தை அளவுக்குறி இல்லாத கோல், காம்பஸ் இரண்டை மட்டும் வைத்து வரைய முடியுமா என்பது அன்றைய பெரிய புதிர். பிறையைச் சதுரமாக்க முடிகிறதென்றால் வட்டத்தையும் ஆக்கிவிடலாமே!

அதற்கு ஒரு வழியும் தெரிந்தது. ஒழுங்கான அறுகோணத்தில் பாதியை, அதாவது மூன்று சம பக்கங்கள் கொண்ட ஒரு சரிவகத்தை, அரைவட்டத்துக்குள் வரையுங்கள். அந்த மூன்று பக்கங்கள் மீதும் வெளிப்புறமாக அரைவட்டங்கள் போட்டால் மூன்று பிறைகள் கிடைக்கும். பக்கம் 10 செ.மீ. என்றால் பெரிய அரைவட்டத்தின் விட்டம் 20 செ.மீ.; விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். இதை வைத்துக் கூட்டிக் கழித்தால், மூன்று பிறைகளும் ஒரு சின்ன அரைவட்டமும் சேர்ந்து சரிவகத்துக்குச் சமம் என்று வருகிறது. சரிவகத்தின் பரப்பு நமக்குத் தெரியும். பிறைகளின் பரப்பையும் அதேபோல் முக்கோணமாக மாற்றிவிட்டால், மிஞ்சும் அரைவட்டம் தானாகச் சிக்கிவிடும்.

சிக்கவில்லை. முதல் பிறையில் கை கொடுத்த சமத்துவம் இங்கே இல்லை. சின்ன அரைவட்டம் 39.27 சதுர செ.மீ.; ஆனால் அதே நாணின் மேல் பெரிய வட்டம் தரும் 60 பாகை வட்டக்கோணப்பகுதியின் பரப்பு 52.36. கழித்தால் பை ஒழிவதில்லை. ஒரு பிறை 30.2 சதுர செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. அந்த எண்ணுக்குள் பை ஒளிந்திருக்கிறது. பிறைகளைக் கொண்டு வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டதாகச் சொல்வது பிழை என்று அரிஸ்டாட்டில் சுட்டிக்காட்டியதையும், பின்வந்தவர்கள் அந்தப் பழியை ஹிப்போகிரட்டீஸ் தலையில் போட்டதையும் வரலாற்றில் காண்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெவ்வேறு வகைப் பிறைகளை அவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்த்த ஒருவர், ஒன்றுக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணியிருப்பாரா?

அவர் கண்ட சதுரமாகும் பிறைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் வெளி வில்லும் உள் வில்லும் தத்தம் மையத்தில் தாங்கும் கோணங்களின் விகிதம் ஓர் எளிய விகிதம்: நாம் வரைந்ததில் 180-க்கு 90, அதாவது 2:1, மற்ற இரண்டும் 3:1, 3:2. விகிதம் மட்டும் போதாது, இரண்டு வட்டக்கோணப்பகுதிகளின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். அறுகோணத்தின் பிறையிலும் விகிதம் 180-க்கு 60, அதாவது 3:1 தான். ஆனால் பரப்புகள் சமமில்லாததால் அது தேறவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1766இல், பின்லாந்தைச் சேர்ந்த வாலேனியஸ் 5:1, 5:3 என்ற இன்னும் இரண்டைச் சேர்த்தார். வட்டத்தைச் சதுரமாக்கவே முடியாது என்பது 1882இல் லிண்டமன் பையைப் பற்றித் தந்த நிறுவலோடு முடிவானது. பிறைகளின் கதை முடிய மேலும் காலமாயிற்று. சோவியத் நாட்டின் செபோதாரியோவ் தொடங்கியதை அவருடைய மாணவர் தொரோத்னோவ் 1947இல் முடித்துவைத்தார்: கோணங்கள் முழு எண் விகிதத்தில் அமைந்த பிறைகளில் இந்த ஐந்தைத் தவிர ஆறாவது கிடையாது.

ஐந்தில் சேராத பிறைகளுக்கும் பரப்பு உண்டு; பை மட்டும் கூடவே வரும். வழி ஒன்றுதான். நாண் மேல் நிற்கும் வட்டத்துண்டின் பரப்பு வேண்டுமானால் வட்டக்கோணப்பகுதியிலிருந்து முக்கோணத்தைக் கழிக்க வேண்டும். பிறகு அந்தத் துண்டுகளைக் கூட்டியோ கழித்தோ பிறையை எட்டலாம். இந்தக் கணக்கு வானில் நேராகப் பயன்படும் இடம் சூரிய கிரகணம். அங்கே சூரியன் ஒரு வட்டம், குறுக்கே வரும் நிலா இன்னொரு வட்டம்; மறையாமல் மிஞ்சுவது அசல் பிறை.

நிலாவின் விளிம்பு சூரியனின் மையத்தைத் தொடும் கணத்தை எடுத்துக்கொள்வோம். விட்டத்தில் சரிபாதி மறைந்துவிட்டது. சூரியன் பாதி மறைந்தது என்று சொல்லத் தோன்றும். இரு தட்டுகளும் ஒரே அளவு, ஆரம் 10 செ.மீ. என்று தாளில் வரைந்து பார்ப்போம். முழு வட்டம் 314.16 சதுர செ.மீ. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் இரண்டு வட்டத்துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றும் 120 பாகைக்குரியது. வட்டக்கோணப்பகுதி 104.72, அதில் முக்கோணம் 43.30, கழித்தால் 61.42. இரண்டு துண்டுகளும் சேர்ந்து 122.84. முழு வட்டத்தில் இது 39 சதவீதம். பாதி மறைந்ததாகத் தெரிந்த சூரியனில் 61 சதவீதம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

வானியலாளர்கள் இந்த இரண்டு அளவுகளையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள்: விட்டத்தில் மறைந்த பங்கு ஒன்று, பரப்பில் மறைந்த பங்கு இன்னொன்று. செய்திகளில் இரண்டும் குழம்பிவிடுவது வழக்கம். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் வளையமாகத் தெரிந்த கிரகணத்தில் நிலாவின் விட்டம் சூரியனுடையதில் சுமார் 97 சதவீதம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் மறைந்தது 94 சதவீதம்தான். மிஞ்சிய 6 சதவீதம்தான் அந்த வளையம். அதையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது.

மாலையில் மேற்கே தெரியும் நிலாப் பிறை இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதன் வெளி விளிம்பு வட்டம்தான், ஆனால் உள் விளிம்பு நீள்வட்டத்தின் பாதி. நிலாக் கோளத்தில் பகலுக்கும் இரவுக்கும் எல்லையாக ஓடும் வட்டத்தை நாம் சாய்வாகப் பார்க்கிறோம். சாய்வாகப் பார்த்த வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறது. இதனால் கணக்கு சிக்கலாவதற்குப் பதில் எளிதாகிவிடுகிறது. பிறையின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்காக எங்கே கோடு போட்டாலும், அந்தக் கோட்டில் ஒளியுள்ள பகுதியின் விகிதம் ஒன்றே. நடுவில் விட்டத்தின் கால்பங்கு ஒளிர்ந்தால், பரப்பிலும் சரியாகக் கால்பங்கு ஒளிர்கிறது. சூரியனில் ஏமாற்றிய கண்மதிப்பு நிலாவில் அப்படியே பலிக்கிறது.

இரண்டையும் படத்தில் பிரித்தறிய முனைகளைப் பார்த்தால் போதும். நிலாப் பிறையின் முனைகள் எப்போதும் ஒரு விட்டத்தின் இரு நுனிகளில் நிற்கும். வெளி வில் அரைவட்டத்தைத் தாண்டவே தாண்டாது. மேலே பார்த்த கிரகணச் சூரியனில் வெளி வில் 240 பாகை, கொம்புகள் உள்நோக்கி வளைந்து நெருங்குகின்றன. காலண்டர்களிலும் பெயர்ப்பலகைகளிலும் இரண்டு வட்டங்களை வெட்டி வரைந்த நிலாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. வரைந்தவர் நிலா என்று நினைத்து வரைந்தது கிரகணம் பிடித்த சூரியனை.