ஒரு டாலர் கூடினால் கைக்காசு குறையும்

அமெரிக்காவின் அமேசான் தளத்தில் ஒரு டி-ஷர்ட்டை 19.99 டாலருக்கு விற்றால், கமிஷன் போக விற்பவர் கையில் 17.99 நிற்கும். அதே சட்டையை 21 டாலருக்கு விற்றால் நிற்பது 17.43. விலை ஏறியிருக்கிறது, வரவு இறங்கியிருக்கிறது.

காரணம், ‘ரெஃபரல் ஃபீஸ்’ எனப்படும் விற்பனைக் கமிஷன். பொருள் விற்றதும் அமேசான் பிடித்துக்கொள்ளும் இந்தத் தொகை, பொருளின் வகைக்கேற்ப மாறும். 2024 ஜனவரியில் ஆடைகளுக்கு வந்த கட்டணப்படி, 15 டாலருக்குக் கீழே 5 சதவீதம், 15 முதல் 20 வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 17 சதவீதம். எல்லையைத் தாண்டியதும் மிச்சத் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 17 சதவீதம் விழுகிறது. பழைய 17.99-ஐத் திரும்ப எட்டவே சட்டையின் விலை சுமார் 21.70 டாலராக வேண்டும். ஆக, 20-க்கும் 21.70-க்கும் இடையில் விலை வைப்பது வீண்.

நகைக்குக் கணக்கு வேறு. முதல் 250 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் 5 சதவீதம். இங்கே விலை கூடக் கூட, கமிஷனின் பாரம் குறைகிறது.

எதை விற்பது என்ற முடிவும் இங்கேதான் மாறுகிறது. ஒரு புளூடூத் ஸ்பீக்கர், ஒரு வாணலி, ஒரு சட்டை. மூன்றும் 30 டாலர் விலை, கொள்முதல் 20, அனுப்பும் செலவு 4 என்று வைத்துக்கொள்வோம். மின்னணுச் சாதனத்துக்கு 8 சதவீதம் என்பதால் ஸ்பீக்கரில் 3.60 டாலர் மிஞ்சும். சமையலறைப் பொருளுக்கு 15 சதவீதம், வாணலியில் 1.50 மிஞ்சும். சட்டையில் 90 சென்ட்தான். மூன்றையும் ஒரே விலைக்கு வாங்கி ஒரே விலைக்கு விற்றும், ஸ்பீக்கரின் லாபம் சட்டையைப் போல நான்கு மடங்கு.

இன்னொரு பொறி, அனுப்பும் கட்டணம். வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கும் தபால் செலவையும் சேர்த்துத்தான் அமேசான் கமிஷன் போடுகிறது. சட்டை 18 டாலர், தபாலுக்கு 3 டாலர் என்று போட்டவர், தான் 10 சதவீதப் படியில் இருப்பதாக நினைப்பார். மொத்தம் 21 ஆகிவிட்டதால் 17 சதவீதம் போய்விடும்.

பொருள் தவறான வகையில் போய் உட்காருவதும் நடக்கும். 40 டாலர் ஸ்பீக்கருக்கு 3.20 பிடிக்க வேண்டும். கணக்கு அறிக்கையில் 6 டாலர் பிடித்திருந்தால், அது கேபிள், உறை போன்ற துணைப்பொருள்களின் 15 சதவீத வகையில் விழுந்திருக்கலாம். பிடித்த கமிஷனை மொத்த விலையால் வகுத்துப் பார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். நூறு ஸ்பீக்கர் விற்ற பிறகு கண்டுபிடித்தால், அதற்குள் 280 டாலர் போயிருக்கும். முதல் விற்பனையிலேயே வகுத்துப் பார்த்தவர் இழப்பது 2.80 மட்டுமே.